சர்வரில் எல்லாம் பச்சை, ஆப்பில் எதுவும் வரவில்லை: சான்றிதழ் புதுப்பித்த மறுநாள் காலை

## பின்னணி

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஒரு பரிசோதனைக்கூடம், பெங்களூரில் இருக்கிறது. அதன் மொபைல் ஆப் ஒரு நாள் காலையில் முடங்கிய கதை இது. 2025-இல் நடந்தது. நான் அங்கே பேக்எண்ட் குழுவில் வேலை பார்த்தேன். ஆட்களின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். சர்வர் முகவரியை `api.example.com` என்று மாற்றியிருக்கிறேன்.

ஆப் இரண்டு. ஒன்று நோயாளிகளுக்கு, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும். மற்றொன்று சாம்பிள் எடுக்கப் போகும் ஊழியர்களுக்கு, ஆண்ட்ராய்டில் மட்டும். அன்றைய முகவரிப் பட்டியல், யாருக்கு என்ன டெஸ்ட், எந்தக் குழாயில் எடுக்க வேண்டும், பார்கோடு ஒட்டியாயிற்றா என்பதெல்லாம் அந்த இரண்டாவது ஆப்பில்தான். இரண்டும் பேசுவது ஒரே முகவரியோடு. சர்வர் மும்பை டேட்டா சென்டரில். முன்னால் கோரிக்கைகளை வாங்கிக்கொள்ளும் `nginx`, அதில் ஓராண்டுக்குக் காசு கொடுத்து வாங்கிய டி.எல்.எஸ். சான்றிதழ், அதாவது எங்கள் சர்வர் போலி இல்லை என்பதற்கான அத்தாட்சி.

பின்னிங் மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்க்கப்பட்டது. ஒரு மருத்துவமனை ஒப்பந்தம் போடும் முன் பாதுகாப்புத் தணிக்கை கேட்டது. அந்தப் பட்டியலில் இதுவும் ஒரு வரி. சாதாரணமாக, சான்றிதழை நம்பகமான ஒரு நிறுவனம் கையெழுத்திட்டிருந்தால் போன் ஏற்றுக்கொள்ளும். பின்னிங் இருந்தால் அது போதாது. சான்றிதழுக்குள் இருக்கும் பொதுச் சாவியின் ஹாஷ், ஆப்புக்குள் ‘பின்’ என்று எழுதி வைத்த ஹாஷோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஆப் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் இருந்த கோடு இவ்வளவுதான்:

```kotlin
if (!BuildConfig.DEBUG) {
    builder.certificatePinner(
        CertificatePinner.Builder()
            .add("api.example.com", "sha256/r7T...=")
            .build()
    )
}
```

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பின் ஒன்றே ஒன்றுதான், மாற்று இல்லை. அப்புறம் அந்த `if`: டெவலப்பர்கள் ப்ராக்ஸி வைத்துச் சோதிக்க வசதியாக, டீபக் பில்டில் பின்னிங்கே கிடையாது. இதை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்.

## புதுப்பித்த இரவு

பழைய சான்றிதழ் புதன்கிழமை காலாவதியாக இருந்தது. அதற்கு முந்தைய வியாழன் இரவு, சேர்ந்து சில மாதங்களே ஆன ஆபரேஷன்ஸ் பொறியாளர் புதியதைப் போட்டார். ஓசூர்க்காரர், வேலையில் சுத்தம். சர்வரில் மூன்று வருடப் பழைய ஆர்.எஸ்.ஏ. சாவி கிடப்பதைப் பார்த்து, புதிதாக ஒரு பி-256 சாவி உருவாக்கி, அதிலிருந்து சி.எஸ்.ஆர். எனும் சான்றிதழ் விண்ணப்ப ஃபைல் எடுத்து, சான்றிதழ் வாங்கிப் போட்டார். பழைய சாவியையும் சான்றிதழையும் அழிக்கவில்லை. தேதி போட்ட ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்தார். மறுநாள் எங்களைக் காப்பாற்றியது அந்த ஃபோல்டர்தான்.

போட்டதும் பிரவுசரில் திறந்தார், பூட்டுச் சின்னம் வந்தது. `curl` சரி. சங்கிலியைச் சோதிக்கும் கருவியும் குறை சொல்லவில்லை. கண்காணிப்பு பலகை பச்சை. ஒரு சான்றிதழுக்குச் செய்ய வேண்டிய சோதனை அத்தனையும் செய்துவிட்டுத்தான் தூங்கப் போனார்.

முந்தைய இரண்டு ஆண்டுகளும் இதே புதுப்பிப்பு நடந்து ஆப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால்தான் தோண்டி எடுத்தோம். முன்பு இருந்தவர் ஒவ்வொரு வருடமும் அதே ஃபோல்டரில் கிடந்த பழைய `api.csr` ஃபைலையே எடுத்து அனுப்பியிருக்கிறார். அதே சி.எஸ்.ஆர். என்றால் அதே சாவி. அதே சாவி என்றால் அதே ஹாஷ். சான்றிதழ் மாறியது, பின் மாறவில்லை. அவருக்கு அது தெரிந்து செய்ததா, சோம்பலில் செய்ததா என்று கேட்க ஆள் இல்லை. எப்படி இருந்தாலும், புதுப்பித்தலுக்கான கையேட்டில் இருந்தது ‘சி.எஸ்.ஆர். அனுப்பவும்’ என்ற ஒரு வரி மட்டும். பின்னிங் என்ற சொல்லே அதில் இல்லை.

## காலையில் தெரிந்தது

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய டெஸ்டுகள் என்பதால் வேலை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். ஆறு மணிக்கு முன்பே அல்சூர் பக்கம் போயிருந்த ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் நோட் போட்டார்: “சார், ஆப் ஓபன் ஆவுது, லிஸ்ட் வரல. ‘இன்டர்நெட்டை செக் பண்ணுங்க’ன்னு வருது. ஆனா யூடியூப் ஓடுது சார்.” கொஞ்ச நேரத்தில் கம்மனஹள்ளி, மர்பி டவுன், ஜெயநகர் என்று வரிசையாக அதே புகார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை, யூடியூப் ஓடுகிறது என்பதை, அப்போதே யாராவது காதில் வாங்கியிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஆப் தானே சொல்கிறது, இணையம் இல்லை என்று! மேற்பார்வையாளர் எல்லாரையும் டேட்டாவை அணைத்துப் போடச் சொன்னார். பிறகு போனை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். சிலர் ஒரு படி மேலே போய் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தார்கள். அதுதான் இருந்ததையும் கெடுத்தது. முந்தைய இரவே சிலருடைய போனில் பட்டியலின் ஒரு பகுதி இறங்கியிருந்தது. நீக்கியதும் அது போயிற்று. புது ஆப் ஓ.டி.பி. கேட்டது, ஓ.டி.பி. கேட்கும் அழைப்பும் அதே முகவரிக்குத்தான் போக வேண்டும்.

ஆப் ஏன் இணையத்தைக் குறை சொன்னது? பின் ஒத்துப்போகாதபோது, ஆண்ட்ராய்டு ஆப் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் நூலகமான `OkHttp` எறிவது `SSLPeerUnverifiedException`. அது `IOException` வகையறாவின் கீழ் வருவது. எங்கள் கோடு எந்த `IOException` வந்தாலும் ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. ஐபோனில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே பின் ஒத்துப்போகாவிட்டால் எங்கள் கோடு சான்றிதழ் சோதனையை ரத்து செய்யும். அப்போது வரும் பிழை எண் -999, அதாவது ‘கோரிக்கை ரத்து செய்யப்பட்டது’. பயனர் ஒரு திரையிலிருந்து வெளியேறினாலும் அதே -999 வரும் என்பதால், அதைக் கண்டுகொள்ளாமல் விட யாரோ எழுதியிருந்தார்கள். ஆகவே ஐபோனில் பிழைச் செய்தியே இல்லை. சக்கரம் சுற்றி நின்றுவிடும், பக்கம் வெறுமையாக இருக்கும். நோயாளிகள் ‘எனக்கு புக்கிங்கே இல்லையா?’ என்று கால் சென்டருக்குப் போன் செய்தார்கள்.

## காரணத்தைத் தேடிய விதம்

பேக்எண்டில் முதலில் எழுப்பப்பட்டவர் பார்த்தது அமைதியான சர்வர். சி.பி.யு. கிட்டத்தட்ட சும்மா, டேட்டாபேஸ் நன்றாக இருக்கிறது, 500 பிழை ஒன்றுகூட இல்லை. “நம்ம பக்கம் பிரச்சினை இல்லைங்க” என்றுதான் அவரும் முதலில் சொன்னார். வரும் கோரிக்கைகளின் கிராஃபை ஒருவர் திறந்து பார்த்த பிறகே திசை மாறியது. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு ஏற வேண்டிய கோடு தரையில் கிடந்தது. பிழை இல்லாததற்குக் காரணம், கேள்வியே வரவில்லை.

`nginx` அணுகல் பதிவில் ஏன் ஒன்றும் இல்லை என்பதற்கும் விளக்கம் உண்டு. `OkHttp` பின்னைச் சோதிப்பது டி.எல்.எஸ். கைகுலுக்கல் முடிந்த பிறகு, முதல் கோரிக்கையை அனுப்பும் முன். சர்வரின் பார்வையில் ஒரு வாடிக்கையாளர் வந்தார், கைகுலுக்கினார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். கோரிக்கை இல்லாததால் அணுகல் பதிவில் வரி விழாது. பிழைப் பதிவிலும், எங்களுடைய வழக்கமான அமைப்பில், இப்படிப் போனவர்களைப் பற்றி எதுவும் எழுதப்படாது. இணைப்புகளின் எண்ணிக்கை மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது, ஆப்கள் விடாமல் மறுபடி மறுபடி முயன்றதால்.

மொபைல் டெவலப்பர் தன் போனில் ஆப்பைத் திறந்தார். ஓடியது! அவரிடம் இருந்தது டீபக் பில்ட். இன்னொருவருடையதிலும் ஓடியது, அதுவும் டீபக் பில்ட். இந்தக் கட்டத்தில் சில நிமிடங்கள், ஏதோ ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டி.என்.எஸ். கோளாறு என்றே பேச்சு ஓடியது. பிறகு கால் சென்டரில் இருந்த ஒருவர், தன் சொந்த போனில் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய ஆப்பைத் திறந்து, அலுவலக வைஃபையிலேயே வரவில்லை என்று காட்டினார். அந்த போனை கேபிளில் மாட்டி `adb logcat` பார்த்ததும் கதை முடிந்தது:

```
javax.net.ssl.SSLPeerUnverifiedException: Certificate pinning failure!
  Peer certificate chain:
    sha256/kV3...=: CN=api.example.com
    ...
  Pinned certificates for api.example.com:
    sha256/r7T...=
```

மேலே சர்வர் காட்டியது, கீழே ஆப் எதிர்பார்த்தது. ஆபரேஷன்ஸ் பொறியாளர் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, “நேத்து நைட் சாவி மாத்தினேன் அண்ணா” என்றார். வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதே அறிகுறிகள் இன்னொருவருக்கு வந்தால் அடையாளம் காண எளிது என்பதால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிரவுசரில் திறக்கும், ஆப்பில் திறக்காது. டீபக் பில்டில் ஓடும், கடைக்குப் போன பில்டில் ஓடாது. சர்வருக்கு இணைப்பு வரும், கோரிக்கை வராது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சான்றிதழ் காலாவதியா என்று பார்த்து நேரத்தைக் கழிக்காமல், பின்னைப் பாருங்கள். காலாவதி என்றால் பிரவுசரும் கத்தியிருக்கும்.

## எடுத்த முடிவும் காரணமும்

முதலில் எழுந்த யோசனை, புதிய பின்னோடு ஆப்பை உடனே வெளியிடுவது. அதைத் தள்ளிவிட்டோம். பிளே ஸ்டோர் பரிசீலனை எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது நம் கையில் இல்லை. அது முடிந்தாலும் ஒவ்வொருவரும் அப்டேட் செய்ய வேண்டும். கட்டாய அப்டேட் வசதி எங்களிடம் இருந்தது. ஆனால் ‘குறைந்தபட்ச பதிப்பு எது’ என்று ஆப் கேட்பதும் அதே பின் போட்ட முகவரியைத்தான். பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதை.

ஆகவே மாற வேண்டியது சர்வர். பழைய சான்றிதழுக்கு இன்னும் ஐந்து நாள் உயிர் இருந்தது, பழைய சாவியும் அந்த ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. `nginx` அமைப்பில் இரண்டு வரிகளைப் பழைய ஃபைல்களுக்குத் திருப்பி, `nginx -t` பார்த்து, ரீலோட் செய்தோம். அப்போது மணி ஏழே முக்கால் இருக்கும். கிராஃப் ஒரு நிமிடத்துக்குள் செங்குத்தாக ஏறியது. ஆப்பை நீக்கிப் போட்டவர்கள் மட்டும் மறுபடி ஓ.டி.பி. போட்டு உள்ளே வந்தார்கள்.

அதுவரை களத்தில் வேலையை ஓட்டியது நிர்வாகப் பக்கம். அது பிரவுசரில் திறப்பது, பின்னிங் கிடையாது, ஆகவே அது முடங்கவே இல்லை. மேற்பார்வையாளர் அதைத் திறந்து ஒவ்வொருவரின் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஊழியர்கள் குழாயில் பெயரையும் நேரத்தையும் பேனாவால் எழுதி எடுத்து வந்தார்கள். பார்கோடை பிறகு கூடத்தில் ஒருவர் சொல்ல மற்றவர் சரிபார்த்து ஒட்டினார்கள். சாப்பிடாமல் காத்திருந்து பொறுமை இழந்து காபி குடித்துவிட்ட சிலருக்கு மறுநாள் எடுக்க வேண்டியதாயிற்று.

## ஐந்து நாளுக்குள் செய்தது

பழைய சான்றிதழ் புதன் அன்று காலாவதி. அதற்குள் பழைய சாவியையே வைத்து ஒரு புதிய சான்றிதழ் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழை அதன் காலத்துக்குள் வேறு சி.எஸ்.ஆர். கொடுத்து மறுபடி வழங்கச் சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. அதே பழைய `api.csr` ஃபைல் மீண்டும் வேலைக்கு வந்தது.

இதில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. மூன்று வருடப் பழைய சாவியை இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதா என்று ஆபரேஷன்ஸ் பொறியாளர் கேட்டார். கேள்வி நியாயமானது. அந்தச் சாவி கசிந்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை, 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவி என்பதில் குறையும் இல்லை. அதை மாற்ற நமக்குப் பிடித்த நாளில் மாற்றலாம் என்று முடிவானது. சாவி கசிந்திருந்தால் இந்த வழி மூடியிருக்கும். ஆப்பையும் கைவிட முடியாமல் சாவியையும் வைத்திருக்க முடியாமல் மாட்டியிருப்போம். ஒரே ஒரு பின் வைப்பதன் உண்மையான ஆபத்து அதுதான் என்பது என் கருத்து. புதுப்பித்தலில் முடங்குவது அதன் சின்னத் தம்பி.

இம்முறை போடும் முன்பே ஃபைலிலிருந்து ஹாஷை எடுத்து, கடையில் இருக்கும் ஆப்பின் பின்னோடு ஒப்பிட்டோம்:

```
openssl x509 -in new.crt -pubkey -noout \
  | openssl pkey -pubin -outform der \
  | openssl dgst -sha256 -binary | base64
```

ஒத்துப்போனது. செவ்வாய் பகலில், எல்லாரும் விழித்திருக்கும் நேரத்தில், போட்டோம். சோதித்தது பிளே ஸ்டோரிலிருந்தும் ஆப் ஸ்டோரிலிருந்தும் இறக்கிய ஆப்களில்.

## பிறகு மாற்றியவை

பின் என்பது ஒரு முகவரிக்கு உரியது. இதைப் பயன்படுத்திக்கொண்டோம். ஆப்பின் அடுத்த பதிப்பு ஒரு புதிய முகவரியோடு பேசுகிறது. அந்தப் பெயருக்குத் தனிச் சான்றிதழ், அன்றிரவு உருவாக்கிய அந்தப் பி-256 சாவியை வைத்தே. பழைய முகவரி பழைய சாவியோடு அப்படியே நிற்கிறது, பின்னால் இருப்பது ஒரே சர்வர்தான். பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு, இப்போது ஆப் வேலை செய்வதால், அப்டேட் செய்யச் சொல்லும் செய்தியைக் காட்ட முடிந்தது.

புதிய பதிப்பில் பின் இரண்டு. இரண்டாவது, இன்னும் எந்தச் சான்றிதழிலும் இல்லாத ஒரு மாற்றுச் சாவியின் ஹாஷ். அந்தச் சாவி சர்வரில் இல்லை. சர்வர் போனால் இரண்டும் சேர்ந்து போகக்கூடாது என்பதால் வெளியே, இரண்டு பேர் சேர்ந்தால் மட்டுமே எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறோம். ஆண்ட்ராய்டில் கோடில் இருந்த பின்னை எடுத்துவிட்டு, ஆண்ட்ராய்டு 7 முதல் உள்ள பாதுகாப்பு அமைப்பு ஃபைலுக்கு மாறினோம்:

```xml
<pin-set expiration="2026-12-31">
    <pin digest="SHA-256">kV3...=</pin>
    <pin digest="SHA-256">b0W...=</pin>
</pin-set>
```

அந்தத் தேதி தாண்டினால் பின்னிங் தானாக நின்றுவிடும். ஆப் முடங்காது, சாதாரணச் சான்றிதழ்ச் சோதனை மட்டும் நடக்கும். ஒரு வருடமாக அப்டேட் செய்யாத போனில் பாதுகாப்பு சற்றுக் குறைவது, அந்த போன் முழுக்க ஊமையாவதைவிட மேல் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு வங்கி இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தின் இடைநிலைச் சாவியைப் பின் செய்தால் நம் சாவியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமே என்ற யோசனையும் வந்தது. ஆனால் இடைநிலைகளும் மாறுகின்றன. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2024-இல் R3 என்ற இடைநிலையை விட்டு R10, R11 என்று மாறியது. அந்த மாற்றம் நடக்கும் நாளைத் தீர்மானிப்பது நாம் இல்லை. அதனால் வேண்டாம் என்றோம்.

குறைந்தபட்சப் பதிப்பைக் கேட்கும் அழைப்பு இப்போது பின் இல்லாத வேறு முகவரிக்குப் போகிறது. ‘சர்வரின் அடையாளத்தை உறுதி செய்ய முடியவில்லை’ என்று தனிப் பிழைச் செய்தி வந்தாயிற்று. ஐபோனில் நாமே ரத்து செய்த -999 தனியாகப் பதிவாகிறது. சர்வர் காட்டும் ஹாஷும் வெளியான ஆப்களின் பின்களும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மணியும் பார்க்கிறது.

## இன்னும் முடியாதது

பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் சுருங்கிக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சி.ஏ./பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவை அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருடத்துக்கு ஒருமுறை கையால் செய்த வேலை அப்போது ஓடாது, தானியங்கிக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் இதே பொறி காத்திருக்கிறது: சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் கருவியான `certbot` வழக்கமாக ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புதிய சாவியை உருவாக்கும், `--reuse-key` கொடுத்தால்தான் பழையதை வைத்துக்கொள்ளும். அந்த மாற்றத்தை இன்னும் செய்யவில்லை. செய்யும்போது அந்த ஒரு சொல் விடுபட்டாலும் மணிக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் கத்தும், ஆனால் ஆப் முடங்கிய பிறகுதான். ஆகவே ரீலோடுக்கு முன்பே ஹாஷை ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் புதிய சான்றிதழைப் போடாமல் நிறுத்தும் படி ஒன்றை எழுதி வருகிறோம்.

நோயாளிகளின் ஆப்புக்குப் பின்னிங் தேவைதானா என்பதில் குழு இரண்டாக நிற்கிறது. பயனர் தானாகச் சேர்க்கும் சான்றிதழ்களை ஆண்ட்ராய்டு 7 முதலே ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. எனவே பின்னிங் கூடுதலாகத் தருவது குறைவு என்கிறது ஒரு தரப்பு. தணிக்கைப் பட்டியலில் அந்த வரி இருக்கும்வரை எடுக்க முடியாது என்கிறது இன்னொன்று. இப்போதைக்கு இருக்கிறது. பழைய முகவரியின் சான்றிதழ் 2026 நடுவில் முடிகிறது. அதற்குள் அதில் வரும் கோரிக்கைகள் பெயரளவுக்குக் குறைந்துவிட்டால் மூடிவிடுவோம், இல்லையென்றால் அந்த `api.csr` இன்னொரு முறை போக வேண்டியிருக்கும்.